பெரியப்பாவுக்கு அனுப்பும் செய்தியில் ‘நீ’யை ‘நீங்க’ ஆக்குவது எப்படி

என் அத்தை மகள் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ்தான், சரளமாகப் பேசுவாள். எழுதப் பழகியது மட்டும் இந்த ஓரிரு வருஷமாகத்தான். போன மாதம் அவளுடைய புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் விசேஷம். சித்தப்பா பையனுக்கு, அவன் அவளைவிட ஒரு வயது இளையவன், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அதையே கொஞ்சம் மாற்றித் திண்டுக்கல்லில் இருக்கும் பெரியப்பாவுக்கும் அனுப்பலாம் என்று நினைத்து, அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டினாள். அந்த ஒரு செய்தியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். பேசத் தெரிந்து, எழுத இப்போதுதான் தொடங்கியிருப்பவர்களுக்கு இடறும் இடங்கள் அநேகமாக எல்லாமே அதில் இருந்தன.

சித்தப்பா பையனுக்கு அவள் எழுதியது இது:

“டேய், வர்ற ஞாயித்துக்கிழமை எங்க புது வீட்ல பால் காய்ச்சுறோம். நீ சனிக்கிழமையே வந்துடு. அப்பாவும் உன்னை வரச் சொன்னாங்க. எந்த ட்ரெயின்ல வர்றேன்னு சொல்லு, நான் ஸ்டேஷனுக்கு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். தாத்தா போட்டோ உன்கிட்டதானே இருக்கு? எடுத்துட்டு வா, மறந்துடாதே. உன் பொண்டாட்டி வருவாளா? வர முடியலைன்னா முன்னாடியே சொல்லிடு.”

பெரியப்பாவுக்காக அவள் மாற்றியது இது:

“பெரியப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை எங்க புது வீட்ல பால் காய்ச்சுறோம். நீங்க சனிக்கிழமையே வந்துடு. அப்பாவும் உங்களை வரச் சொன்னாங்க. எந்த ட்ரெயின்ல வர்றேன்னு சொல்லுங்க, நான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன். தாத்தா போட்டோ உன்கிட்டதானே இருக்கு? எடுத்துட்டு வாங்க, மறந்துடாதே. பெரியம்மா வருவாளா? வர முடியலைன்னா முன்னாடியே சொல்லிடு.”

மேலோட்டமாகப் பார்த்தால் மாற்றிவிட்டது போலத்தான் இருக்கிறது. ‘நீங்க’ வந்துவிட்டது, ‘வாங்க’ வந்துவிட்டது. ஆனால் பெரியப்பா இதைப் படித்தால் ஆறு இடத்தில் முகம் சுருங்கும். இன்னும் இரண்டு மூன்று இடத்தில் இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு நெருடல் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், நேரில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?

செய்தியில் கை வைப்பதற்கு முன்னால், அந்த மனிதரை நேரில் பார்த்தால் உங்கள் வாயில் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். எழுத்திலும் அதுதான் வர வேண்டும். பெரியவர் என்றாலே ‘நீங்க’ என்று ஒரே விதியாக வைத்துக்கொண்டால் தவறிப்போகும்.

நிறைய வீடுகளில் அம்மா ‘நீ’, அப்பா ‘நீங்க’. சில வீடுகளில் இருவருமே ‘நீங்க’. மடியில் போட்டு வளர்த்த பாட்டியைப் பேரப்பிள்ளைகள் ‘நீ’ என்றுதான் சொல்வார்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கோயிலில் நின்று சாமியிடம் பேசும்போதும் ‘நீதான் காப்பாத்தணும்’ என்றுதான் சொல்கிறோம். அப்படி இருபது வருஷமாக ‘நீ’ என்று கூப்பிட்ட அம்மாவுக்குத் திடீரென்று “நீங்க மாத்திரை போட்டீங்களா?” என்று எழுதினால் அவருக்குச் சந்தோஷம் வராது. பிள்ளைக்கு என்ன கோபம் என்றுதான் யோசிப்பார். நெருக்கமானவர்களிடம் கோபம் வந்தால் ‘நீங்க’வுக்குப் போய்விடுவது நம் வழக்கம். அதனால் ‘நீ’ என்று பழகிய இடத்தில் ‘நீ’யை விட்டுவிடுங்கள்.

பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா, மாமனார், மாமியார் இவர்களுக்கு அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ‘நீங்க’தான். சித்தி, தாய்மாமா, வயது வித்தியாசம் குறைந்த அக்கா, அண்ணன் இவர்கள் வீட்டுக்கு வீடு மாறுவார்கள். சந்தேகம் வந்தால் அந்த வீட்டில் உங்கள் வயதுப் பிள்ளைகள் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவை கவனியுங்கள். அத்தை மகளுக்கு இதில் குழப்பம் இல்லை. பெரியப்பாவை அவள் பிறந்ததிலிருந்து ‘நீங்க’ என்றுதான் பேசுகிறாள்.

ஒருத்தரைப் பலர் போலச் சொல்லி மரியாதை காட்டும் இந்த வழக்கம் நேற்று வந்ததில்லை. ஒருவரைப் பன்மையில் சொல்வது இலக்கணப்படி சேராது, ஆனால் வழக்கில் உயர்வாகச் சொல்லும் சொல் அது என்று தொல்காப்பியமே குறித்து வைத்திருக்கிறது.

அடுத்து, பேச்சா எழுத்தா என்று முடிவு செய்யுங்கள்

‘வர்றீங்களா’ என்பதும் ‘வருகிறீர்களா’ என்பதும் ஒரே அளவு மரியாதை உள்ளவைதான். ஒன்று பேச்சு, ஒன்று எழுத்து. புதிதாக எழுதுபவர்கள் ‘-ஈர்கள்’ போட்டால் மரியாதை கூடும் என்று நினைத்து, பாதிச் செய்தியைப் பேச்சுத் தமிழிலும் பாதியைப் பாடப்புத்தகத் தமிழிலும் எழுதிவிடுகிறார்கள். “பெரியப்பா, நல்லா இருக்கீங்களா? தாங்கள் எப்போது வருகிறீர்கள்?” என்று வந்தால் இரண்டு பேர் சேர்ந்து எழுதியது போல இருக்கும்.

வாட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கு என்றால் பேச்சுத் தமிழே போதும், அதுதான் அன்பாகவும் இருக்கும். கடிதம், அழைப்பிதழ், ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் இருக்கும் குழுவில் போடும் அறிவிப்பு என்றால் எழுத்துத் தமிழ் பொருந்தும். ‘தாங்கள்’ என்பதைப் பத்திரிகை அடிக்கும்போது வைத்துக்கொள்ளலாம். சொந்தப் பெரியப்பாவுக்குத் தனியாக அனுப்பும் செய்தியில் அது விறைப்பாக நிற்கும். நாங்கள் பேச்சுத் தமிழையே வைத்துக்கொண்டோம்.

‘நீ’யின் சொந்தக்காரர்கள் எல்லாரையும் மாற்றுங்கள்

‘நீ’ தனியாக வருவது குறைவு. உன், உன்னை, உனக்கு, உன்னோட, உன்கிட்ட, உன்னால என்று வேற்றுமை உருபோடுதான் நிறைய வரும். இவை முறையே உங்க, உங்களை, உங்களுக்கு, உங்களோட, உங்ககிட்ட, உங்களால என்று ஆக வேண்டும். அத்தை மகள் இரண்டு ‘உன்னை’யைச் சரியாக மாற்றினாள், ‘உன்கிட்டதானே’வை விட்டுவிட்டாள். கேள்வி வாக்கியத்துக்குள் ஒட்டிக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரேயடியாகத் தேடி மாற்றும் வேலை வேண்டாம். ‘நீ’ வரும் இடத்திலெல்லாம் ‘நீங்க’ போடு என்று சொன்னால் ‘நீளம்’ என்பது ‘நீங்களம்’ ஆகிவிடும், ‘வெந்நீர்’ என்பது ‘வெந்நீங்கர்’ ஆகிவிடும். ஒரு செய்தியில் ஐந்தாறு இடம்தான் இருக்கும், கையாலேயே மாற்றுங்கள்.

இன்னொன்று. தமிழில் ‘நீங்க’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்லத் தேவையில்லை. வினைமுற்றே யாரென்று காட்டிவிடும். “பெரியப்பா, எப்ப வர்றீங்க?” என்றாலே போதும். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வினையில் ‘-ஈங்க’ வைத்துவிட்டால் மரியாதை முழுசாக வந்துவிடுகிறது. வரிக்கு ஒரு ‘நீங்க’ வந்தால் விரலை நீட்டிப் பேசுவது போல இருக்கும்.

வினை விகுதி: இங்கேதான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறோம்

மாற்ற வேண்டிய வினைகளைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. தமிழில் எல்லா வினையும் ஆளைக் காட்டாது. ‘வந்து’, ‘வந்தா’, ‘வர’, ‘வரும்போது’ போன்றவை யாருக்கும் பொதுவானவை. ‘வரலை’, ‘வர முடியுமா’, ‘வரலாம்’, ‘வரணும்’, ‘தெரியும்’, ‘பிடிக்கும்’ இவையும் அப்படித்தான். நான் வரலை, நீ வரலை, நீங்க வரலை, எல்லாவற்றுக்கும் ஒரே ‘வரலை’. இவற்றைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் ‘உனக்கு’ இருந்தால் ‘உங்களுக்கு’ ஆக்குங்கள், அவ்வளவுதான்.

மாற வேண்டியவை மூன்று வகை.

ஒன்று, சாதாரண வினைமுற்று. வந்தே என்பது வந்தீங்க, வர்றே என்பது வர்றீங்க, வருவே என்பது வருவீங்க. எழுத்துத் தமிழில் வந்தாய், வருகிறாய், வருவாய் என்பவை வந்தீர்கள், வருகிறீர்கள், வருவீர்கள் ஆகும். ‘வரலை’ மாறாது என்றேன், ஆனால் ‘வரமாட்டே’ மாறும், ‘வரமாட்டீங்க’ என்று. எழுத்துத் தமிழில் எழுதும்போது சிலர் ‘நீங்கள் வந்தார்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘-ஆர்கள்’ அவர்களுக்கு, ‘-ஈர்கள்’ நீங்களுக்கு.

இரண்டு, ஏவல். வா, சொல்லு, இரு, எடு என்பவை வாங்க, சொல்லுங்க, இருங்க, எடுங்க ஆகும். ‘வா’, ‘சொல்லு’ இரண்டும் பழகிய சொற்கள் என்பதால் யாரும் விடமாட்டார்கள். விடுபடுவது ‘வந்துடு’, ‘சொல்லிடு’, ‘அனுப்பிடு’, ‘வச்சுடு’ என்று ‘விடு’ சேர்ந்து வரும் சொற்கள். கடைசியில் ‘டு’ என்று முடிவதால் ஏவல் என்றே தோன்றாது. அத்தை மகளின் செய்தியில் ‘வந்துடு’, ‘சொல்லிடு’ இரண்டும் அப்படியே நின்றன. வந்துடுங்க, சொல்லிடுங்க என்று இருக்க வேண்டும். எழுத்தில் வந்துவிடுங்கள், சொல்லிவிடுங்கள்.

மூன்று, எதிர்மறை ஏவல். மறந்துடாதே என்பது மறந்துடாதீங்க. எழுத்தில் மறந்துவிடாதீர்கள். ‘மறந்துடாதேங்க’ என்று ஒரு வடிவத்தையும் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்று கிடையாது.

இவ்வளவும் தெரிந்தவர்களையும் ஏமாற்றும் ஓர் இடம் இருக்கிறது. விகுதிக்குப் பின்னால் -ன்னு, -ஆ, -ல்ல, -ஓ என்று ஏதாவது ஒட்டினால் விகுதி உள்ளே மறைந்துவிடும். “எந்த ட்ரெயின்ல வர்றேன்னு சொல்லுங்க” என்பதைப் பாருங்கள். ‘சொல்லுங்க’ சரிதான். ஆனால் ‘வர்றேன்னு’ என்பது ‘வர்றே’யும் ‘-ன்னு’வும் சேர்ந்தது. ‘வர்றேன்’ என்பதோடு ‘-னு’ சேர்ந்தாலும் இதே எழுத்துதான் வரும். அதனால் படிக்கும்போது ‘நான் வர்றேன்’ என்பது போலவே தெரிந்து, கண் தாண்டிப் போய்விடுகிறது. அது ‘வர்றீங்கன்னு’ ஆக வேண்டும். அதே போல, சாப்பிட்டியா என்பது சாப்பிட்டீங்களா, அன்னைக்குச் சொன்னேல்ல என்பது சொன்னீங்கள்ல, எப்ப வருவியோ என்பது எப்ப வருவீங்களோ.

இதைப் பிடிக்க நான் செய்வது இதுதான். செய்தியைக் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் பின்னோக்கிப் படிப்பேன். ஒவ்வொரு வினையிலும் நின்று ‘இதைச் செய்வது யார்?’ என்று கேட்பேன். செய்வது பெரியப்பா என்றால், அதற்குள் ‘-ங்க’ எங்கே என்று தேடுவேன். முன்னிருந்து படித்தால் அர்த்தத்தின் ஓட்டத்தில் கண் நழுவிவிடுகிறது.

பேச்சில் வரும் மற்றவர்கள்

“பெரியம்மா வருவாளா?” இதுதான் அந்தச் செய்தியிலேயே பெரிய தவறு. பெரியப்பாவுக்கு ஒழுங்காக ‘நீங்க’ போட்டுவிட்டு, அவரிடமே அவர் மனைவியை ‘-ஆள்’ விகுதியில் சொல்வது. ‘உன் பொண்டாட்டி’யைப் ‘பெரியம்மா’ என்று மாற்றியதோடு கை நின்றுவிட்டது. ‘வருவாங்களா’ என்று இருக்க வேண்டும்.

பேச்சில் பெண்களுக்கு மரியாதை வடிவம் அவங்க, வந்தாங்க, வருவாங்க. ஆண்களுக்கு அவர், வந்தார் என்றும் சொல்லலாம், அவங்க, வந்தாங்க என்றும் சொல்லலாம், ஊரைப் பொறுத்தது. எழுத்துத் தமிழில் ‘அவர் வந்தார்’ என்பது ஆண் பெண் இருவருக்கும் பொது. சில வீடுகளில் அம்மா, அக்கா, அத்தையைப் பாசமாக ‘வந்துச்சு’, ‘சொல்லுச்சு’ என்று அஃறிணையில் சொல்வதுண்டு. வாயில் சொல்லும்போது குரலில் இருக்கும் பாசம் எழுத்தில் தெரியாது. ‘பெரியம்மா வந்துச்சா’ என்று எழுதினால் வெறும் அஃறிணையாகத்தான் நிற்கும். எழுதும்போது ‘-ஆங்க’வுக்கு வந்துவிடுங்கள்.

யாரை எந்த விகுதியில் சொல்வது என்பதில் இன்னொரு சந்தேகம் வரும். அத்தை மகளின் அப்பா பெரியப்பாவுக்குத் தம்பி. பெரியப்பா அவரை ‘வாடா, போடா’ என்றுதான் சொல்வார். அதற்காக அவளும் பெரியப்பாவிடம் பேசும்போது அப்பாவை இறக்கிச் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டாம். விகுதி பேசுகிறவருடைய உறவைப் பார்த்துத்தான் வரும். அப்பா அவளுக்குப் பெரியவர், அதனால் ‘அப்பா சொன்னாங்க’. பெரியப்பாவின் பேத்தி அவளுக்குச் சின்னவள், அதனால் ‘பாப்பா நல்லா இருக்காளா?’ என்று கேட்கலாம்.

விகுதி சரியானாலும் கட்டளை கட்டளைதான்

இதுவரை சொன்னதை எல்லாம் செய்து முடித்தால் செய்தி இலக்கணப்படி சரியாகிவிடும். ஆனாலும் பெரியப்பாவுக்கு அனுப்ப முடியாது. “வந்துடுங்க, சொல்லுங்க, எடுத்துட்டு வாங்க, மறந்துடாதீங்க, சொல்லிடுங்க” என்று வரிசையாக ஐந்து கட்டளை நிற்கிறது. ‘-ங்க’ ஒட்டிய கட்டளை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. அவருடைய நன்மைக்காகச் சொல்லும் ஏவல் அப்படியே இருக்கலாம். ‘எந்த ட்ரெயின்ல வர்றீங்கன்னு சொல்லுங்க, நான் ஸ்டேஷனுக்கு வந்துடுறேன்’ என்பதில் சுமை உங்கள் தலையில் இருக்கிறது, அது உறுத்தாது. அவருக்கு வேலை வைக்கும் ஏவல்தான் உறுத்தும். ‘போட்டோ எடுத்துட்டு வாங்க’ என்பது வேலை. அதைக் கேள்வியாக்குங்கள்: ‘சிரமம் இல்லைன்னா எடுத்துட்டு வர முடியுமா?’ ‘மறந்துடாதீங்க’ என்பதை எடுத்தே விடலாம். வயதானவரிடம் மறதியைப் பற்றிப் பேசுவது நன்றாக இருக்காது. ஞாபகப்படுத்த வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை ஒரு போன் போட்டுக்கொள்ளலாம்.

‘வரணும்’ என்ற சொல் கொஞ்சம் நுணுக்கமானது. விசேஷத்துக்கு அழைக்கும்போது ‘நீங்க கண்டிப்பா வரணும்’ என்பது உரிமையோடு வற்புறுத்துவது, கேட்பவருக்கு மனம் குளிரும். வேலை சொல்லும்போது ‘நீங்க போட்டோ கொண்டு வரணும்’ என்பது அதிகாரம். சொல் ஒன்றுதான், எதற்குச் சொல்கிறோம் என்பதில் மாறுகிறது.

அப்புறம் அந்த ‘அப்பாவும் உங்களை வரச் சொன்னாங்க’. உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் எதிலும் பிழை இல்லை. ஆனால் ‘வரச் சொல்வது’ பெரியவர் சின்னவரை அழைப்பது. தம்பி அண்ணனை வரச் சொல்லி ஆள் அனுப்பியது போல ஆகிவிடுகிறது. ‘அப்பாவும் நீங்க வரணும்னு ரொம்ப ஆசைப்படுறாங்க’ என்று மாற்றினோம். ‘வர முடியலைன்னா முன்னாடியே சொல்லிடுங்க’ என்பதையும் எடுத்துவிட்டோம். வராமல் போவதைப் பற்றி அழைப்பிலேயே பேசுவது நம் பக்கத்தில் வழக்கமில்லை.

கூட்டிட்டுப் போறேன் என்பதற்கு மதுரை, திண்டுக்கல் பக்கம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘அழைச்சுட்டுப் போறேன்’ என்றால் பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இதமாக இருக்கும். இப்படிச் சில சொற்களுக்கு விகுதியோடு சொல்லையும் மாற்ற வேண்டும். முக்கியமாகத் துக்கச் செய்தியில் ‘செத்துட்டார்’ என்று எழுத வேண்டாம். ‘தவறிட்டாங்க’ அல்லது ‘இறந்துட்டாங்க’ என்று எழுதுங்கள்.

‘எங்க’ வீடா, ‘நம்ம’ வீடா

இதை நான் சொன்னபோது அத்தை மகளுக்கே ஆச்சரியம். மரியாதை என்றால் முன்னிலையை மட்டும் பார்க்கிறோம், தன்மையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ‘நாங்க’ என்றால் கேட்பவர் சேரமாட்டார், ‘நாம’ என்றால் அவரும் சேர்த்தி. ‘எங்க புது வீட்ல பால் காய்ச்சுறோம்’ என்றால் வீடு உங்களுடையது, பெரியப்பா விருந்தாளி. ‘நம்ம புது வீட்ல’ என்றால் வீட்டுக்கு அவரும் பெரியவர். பத்திரம் அவள் பேரில் இருக்கலாம், ஆனால் குடும்பத்தின் மூத்தவரிடம் ‘எங்க வீடு’ என்று சொன்னால், அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி அழைப்பது போல இருக்கும். இது ஒரே ஒரு சொல், பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை, பெரியவர்கள் கட்டாயம் கவனிப்பார்கள்.

எல்லா இடத்திலும் ‘நம்ம’ போடவும் கூடாது. ‘சனிக்கிழமையே வந்துட்டீங்கன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்’ என்பதில் ‘எங்களுக்கு’தான் சரி. உதவி பெறுவது நீங்கள், செய்வது அவர்.

எல்லாம் முடிந்து போன செய்தி இது:

“பெரியப்பா, எப்படி இருக்கீங்க? பெரியம்மாவுக்குக் கால் வலி இப்ப பரவாயில்லையா? வர்ற ஞாயித்துக்கிழமை காலையில நம்ம புது வீட்ல பால் காய்ச்சுறோம். நீங்களும் பெரியம்மாவும் கண்டிப்பா வரணும். சனிக்கிழமையே வந்துட்டீங்கன்னா எங்களுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும். அப்பாவும் நீங்க வரணும்னு ரொம்ப ஆசைப்படுறாங்க. எந்த ட்ரெயின்ல வர்றீங்கன்னு சொல்லுங்க, நான் ஸ்டேஷனுக்கு வந்து அழைச்சுட்டுப் போறேன். தாத்தா போட்டோ உங்ககிட்டதானே இருக்கு? சிரமம் இல்லைன்னா எடுத்துட்டு வர முடியுமா?”

‘பெரியம்மா வருவாங்களா?’ என்ற கேள்வியே காணாமல் போனதைக் கவனித்திருப்பீர்கள். அவரைத் தனியாக, வருவாரா மாட்டாரா என்று கேட்பதைவிட இருவரையும் சேர்த்து அழைப்பதுதான் முறை. அதோடு, விசேஷத்துக்குப் பெரியவர்களை வெறும் செய்தியில் அழைத்து முடித்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னேன். முதலில் போனில் பேசிவிட்டு, விவரத்துக்காக இதை அனுப்பினாள்.

‘நீ’யா ‘நீங்க’வா என்று தெரியவே இல்லை என்றால்

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இது அடிக்கடி வரும். கணவரின் சித்தி உங்களைவிட மூன்று வயதுதான் பெரியவர், எல்லாரும் அவரை ‘நீ’ என்கிறார்கள், உங்களுக்கு நா வரவில்லை. இதற்கு நம் வீடுகளில் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஆளைக் காட்டாத வினைகளை வைத்தே பேசிவிடுவது. ‘சாப்பிட்டீங்களா’ என்பதற்கு ‘சாப்பாடு ஆச்சா?’, ‘எப்ப வர்றீங்க’ என்பதற்கு ‘எப்ப வர்றதா இருக்கு?’, ‘எப்படி இருக்கீங்க’ என்பதற்கு ‘உடம்பு எப்படி இருக்கு?’. உறவுமுறையை மட்டும் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சித்தி, சாப்பாடு ஆச்சா?’ என்பதில் குறை கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. கொஞ்ச நாள் இப்படிப் போனால் அவரே ‘நீன்னே கூப்பிடு’ என்று சொல்வார், அல்லது சொல்லாமல் இருந்து உங்களுக்குப் பதிலைக் காட்டுவார்.

ஊர் வித்தியாசமும் இருக்கிறது. நான் காட்டிய வடிவங்கள் மதுரைப் பக்கத்துப் பேச்சு. கோவை, ஈரோடு பக்கத்து உறவுகள் என்றால் ‘சரிங்க’, ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’ என்று வினை இல்லாத சொற்களிலும் ‘-ங்க’ ஒட்டிக்கொண்டே வரும். யாழ்ப்பாணத்து உறவுகள் ‘வாங்கோ’, ‘சொல்லுங்கோ’, ‘இருங்கோ’ என்பார்கள். அங்கே ‘நீர்’ என்று நடுவில் ஒரு படியும் உண்டு, ‘நீர் எப்ப வந்தீர்?’ என்பது போல. அது ஒத்த வயதினருக்கும் இளையவர்களுக்கும் ஆனது. எழுத்தில் பார்க்கும்போது பழந்தமிழ் போலக் கம்பீரமாகத் தெரிவதால் சிலர் அதைப் பெரியவர்களுக்கு எழுதிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அங்கேயும் ‘நீங்கள்’தான்.

பதில் வந்தபிறகு

பெரியப்பா அன்று இரவே பதில் போட்டார்: “சரிம்மா. சனிக்கிழமை சாயங்காலம் வந்துடுறோம். நீ அலையாதே, நாங்களே வந்துக்குறோம்.” அவர் ‘நீ’ என்றுதான் எழுதுவார், அது அவர் உரிமை. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வேகமாகப் பதில் தட்டும்போது அவர் எழுதிய நடை நம் கைக்கும் ஒட்டிக்கொள்ளும். ‘அலையாதே’ என்று படித்த சூட்டில் ‘நீங்க கவலைப்படாதே’ என்று தட்டிவிட்டவர்கள் உண்டு. முதல் செய்தியைப் பத்துத் தடவை சரிபார்க்கிறோம், இரண்டாவது செய்தியை யோசிக்காமல் அனுப்பிவிடுகிறோம்.

கட்டைவிரல் படமோ வெறும் ‘ஓகே’யோ போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவளே எழுதினாள்: “சரிங்க பெரியப்பா. அலைச்சல் எல்லாம் ஒண்ணும் இல்லை, நான் ஸ்டேஷன்ல இருப்பேன். பெரியம்மாகிட்டயும் சொல்லிடுங்க.”